மாத்திரை அட்டை போட்டோ: கூகுள் லென்ஸா, டார்ச்ச சாய்ச்சு நாமளே படிக்கிறதா?

ஊர்ல இருக்குற அத்தை மாத்திரை அட்டைய போட்டோ எடுத்து வாட்ஸாப்ல அனுப்பி "இது என்ன மாத்திரை, தேதி முடிஞ்சிருச்சா பாரு"ன்னு கேப்பாங்க, அதுக்கு ரெண்டு வழியும் பாத்துட்டு இப்போ நான் டார்ச் பக்கம்தான்.

பேர் படிக்க லென்ஸ் நல்லாவே வேலை செய்யும், அச்சு மையில இருக்குறதால. ஆனா பேர்ல வால் எழுத்து இருக்குல்ல, அத மட்டும் நாமளே பாத்துக்கணும். டெல்மா 40 வேற, டெல்மா எச் வேற, பின்னதுல இன்னொரு மருந்தும் சேந்திருக்கு. அட்டை மடிப்புல அந்த எச் மறைஞ்சா லென்ஸ் "டெல்மா"ன்னு மட்டும் காட்டிட்டு போயிரும்.

லென்ஸ் உண்மையிலேயே தடுமாறுறது எக்ஸ்பைரில. நிறைய அலுமினிய அட்டைல தேதிக்கு மையே கிடையாது, ஓரத்துல அழுத்தி பதிச்சிருப்பாங்க, நேரா ஃப்ளாஷ் அடிச்சா மொத்தமும் வெள்ளையா பளபளன்னு ஆகி பள்ளமே தெரியாது. அதனால ஃப்ளாஷ ஆஃப் பண்ணிட்டு, இன்னொரு போன் டார்ச்ச அட்டைக்கு பக்கவாட்டுல, கிட்டத்தட்ட தரையோட படுக்க வச்ச மாதிரி புடிக்க சொல்லுவேன், அப்போ ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பக்கம் நிழல் விழும், படிச்சிரலாம். அனுப்பும்போது போட்டோவா அனுப்பாம டாக்குமெண்டா அனுப்ப சொல்லுங்க, இல்லன்னா வாட்ஸாப் சுருக்கி 6, 8, 3 எல்லாம் ஒண்ணா தெரியும்.

அப்பவும் சந்தேகம்னா பக்கத்துலயே இருக்குற தயாரிப்பு தேதிய பாருங்க. போன தடவ எக்ஸ்பைரி 02/2026ஆ 02/2028ஆன்னு புரியல, தயாரிப்பு 03/2024ன்னு தெளிவா இருந்துச்சு. 26னா சரியா ரெண்டு வருஷம், 28னா நாலு வருஷம், மாத்திரைக்கு பெரும்பாலும் ரெண்டு இல்லன்னா மூணு வருஷம்தான் குடுப்பாங்க, அதனால 26ஆ இருக்கத்தான் வாய்ப்பு. ஆனா இது யூகத்த சரிபாக்கத்தான், அத வச்சே முடிவு சொல்லிராம இன்னொரு போட்டோ கேட்டேன், 26தான். 02/2026ன்னா பிப்ரவரி கடைசி நாள் வரைக்கும்னு அர்த்தம், 1ஆம் தேதியோட முடியாது.

க்யூஆர் கோடு இருந்தா அதுல பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி எல்லாமே வரும், 2023 ஆகஸ்ட்லேந்து 300 பிராண்டுக்கு கட்டாயம். ஆனா அட்டைல இடம் பத்தலன்னா வெளி டப்பால போட்டுக்கலாம், டப்பாவ யாரு வச்சிருக்கா? களிம்பு ட்யூப் மடிப்புல பதிச்ச தேதிக்கும் இதே டார்ச் சரியா வந்துச்சு, ஆனா ஒண்ணு ரெண்டுதான் பாத்திருக்கேன்.

கடைல வெட்டிக் குடுத்த துண்டுல தேதி இருக்குற ஓரமே போயிருந்தா ரெண்டு வழியும் வேலைக்கு ஆகாது, மீதி துண்டோட நிறத்த வச்சு யூகிக்காதீங்க, "தேதி தெரியல"ன்னே சொல்லிருங்க. அத்தைக்கு நான் திருப்பி டைப் பண்றது அட்டைல இருக்குற பேர், பக்கத்துல இருக்குற மில்லிகிராம், மாசம், வருஷம், அவ்ளோதான். "ஒண்ணு போடவா ரெண்டு போடவா"ன்னு அடுத்து கேட்டா டாக்டர் சீட்ட எடுத்துட்டு மருந்துக் கடைக்கு போங்கத்தைன்னு சொல்லிருவேன்.