நீளக் காரிடாரா, அறைக்கொத்தா? கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பெண்கள் விடுதி

ஒரு மாடியில் 48 மாணவிகள், மூன்று பேர் தங்கும் அறைகள் 16 என்று வைத்துக்கொள்வோம். முதல் வரைபடத்தில் நடுவே கிழக்கு மேற்காக ஒரு காரிடார், இருபுறமும் எட்டு எட்டு அறை, கோடியில் மொத்த பாத்ரூம். இரண்டாவதில் நான்கு நான்கு அறையாக நான்கு கொத்துகள். ஒவ்வொன்றிலும் நடுக்கூடத்தின் கிழக்கே இரண்டு அறை, மேற்கே இரண்டு.

முதலாவதுதான் கட்ட மலிவு. ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அதை ஒப்புக்கொள்ளாது. ஆடியில் மேற்கிலிருந்தும் மார்கழியில் கிழக்கிலிருந்தும் வீசும் காற்று காரிடாருக்குள் புகுந்து மறுமுனையில் போய்விடும். அறைக்கு ஒரே சுவரில்தான் ஜன்னல். எதிரே கதவு திறந்திருந்தால்தான் காற்று ஓடும், ராத்திரி யார் திறந்து வைப்பார்கள்? கதவுக்கு மேல் வென்டிலேட்டர் வைத்தால் ஓரளவு சரியாகும்; வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று அதையும் அட்டை வைத்து மூடிவிடுவார்கள்.

கொத்தில் எல்லா அறையும் மூலை அறை. இரண்டு வெளிச்சுவரிலும் ஜன்னல் வைக்கலாம், கதவைச் சாத்தினாலும் காற்று நுழைய ஒரு வழி, வெளியேற ஒரு வழி. கொத்துகளை ஒரே வரிசையில் நிறுத்தினால் முன்னது பின்னதை மறைக்கும். கொஞ்சம் முன்னும் பின்னுமாகத் தள்ளி வைக்க வேண்டும். மேற்கு ஜன்னலுக்கு ஆழமான சஜ்ஜா கட்டாயம், இல்லையென்றால் சித்திரை வெயில் கட்டில்வரை வரும். ஜன்னலின் அடிமட்டம் கட்டில் உயரத்தை ஒட்டி இருக்கட்டும். நெஞ்சுயர ஜன்னலில் வரும் காற்று, படுத்திருப்பவளுக்கு மேலேயே போய்விடும். கட்டில்மேல் ஊதுபத்தி பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: புகை நேராக மேலே போனால் அங்கே காற்று இல்லை.

பாத்ரூமிலும் இதே காற்றுதான் தீர்ப்பு சொல்கிறது. கிழக்குக் கோடியில் வைத்தால் மார்கழியில் நாற்றம் அறைக்கு வரும், மேற்கில் வைத்தால் ஆடியில். ஆகவே வடக்கே தள்ளி, நடுவில் திறந்த வராந்தா விட்டுக் கட்டலாம். கொத்துக்கு ஒன்று என்றால் குழாய்த்தடம் நான்காகிச் செலவு ஏறும். இரண்டு கொத்துக்கு ஒன்றாக, 24 பேருக்கு நான்கு கழிப்பறை, நான்கு குளியலறை என்று சேர்த்தால் தடம் இரண்டோடு முடியும். அப்புறம், யார் அசுத்தம் செய்தது என்பதும் 48 பேருக்குள் தொலைந்துபோகாது.

கண்காணிப்புக்கு நீளக் காரிடார்தான் வசதி என்பார்கள். பதினாறு மூடிய கதவுகளைப் பார்த்து வார்டனுக்கு என்ன தெரியும்? நான்கு கொத்து வாசலும் ஒரே வராந்தாவில் திறந்து, படிக்கட்டருகே வார்டன் அறை இருந்தால் நான்கு வாசலைப் பார்த்தால் போதும். ஒரே ஒரு ஆபத்து: ராத்திரி கொத்து வாசலுக்கு வெளியே பூட்டுப் போடும் பழக்கம். தீப்பிடித்தால் பன்னிரண்டு பேர் மாட்டிக்கொள்வார்கள். அங்கே உள்ளிருந்து திறக்கும் தாழ்ப்பாள் மட்டும் போதும். வெளிப்பக்கம் பூட்டுக்கான கொண்டியே வைக்காதீர்கள்.