பிரஷர் ஏறும்போது கம்ப்ரசர் மோட்டார் நின்றால் உடனே ரீவைண்டிங்குக்குச் சம்மதிக்காதீர்கள்

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் இருசக்கர வாகனங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் 2 எச்.பி. சிங்கிள் பேஸ் கம்ப்ரசர், டேங்க் காலியாக இருக்கும்போது தடையின்றி ஓடத் தொடங்கும். பிரஷர் முள் 5 கிலோவை நெருங்கியதும் சத்தம் கனத்து, ஓவர்லோடு பட்டன் வெளியே தள்ளி நின்றுவிடும். அழைத்து வந்த மெக்கானிக் மீட்டரைக் கையில் எடுக்காமலேயே, “அண்ணா, அன்லோடர் வால்வு போயிடுச்சு” என்று சொல்லி அதை மாற்றினார். மறுநாளும் 5 கிலோவில்தான் நின்றது. அடுத்து பிரஷர் சுவிட்சை மாற்றினார். மூன்றாம் முறை, காயில் எரிந்துவிட்டது என்று மோட்டாரையே கழற்ற வந்தபோது தடுத்துவிட்டேன். அதற்குள் 3,400 ரூபாய் போய்விட்டது. கழற்றிய பாகங்களையும் அவர் திருப்பித் தரவில்லை.

மோட்டார் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தாலே இந்தச் செலவு நேர்ந்திருக்காது. டேங்க் நிரம்பி மோட்டார் கட்-ஆஃப் ஆனதும் பம்ப்பின் ஹெட்டிலும் டெலிவரி குழாயிலும் அடைபட்ட காற்றைப் புஸ்ஸென்று வெளியேற்றுவதுதான் அன்லோடரின் வேலை. அது கெட்டால், 8 கிலோவில் நின்ற மோட்டார் 6 கிலோவில் மறுபடி கிளம்பும்போது திணறி ட்ரிப் ஆகும். முதல் ஓட்டத்தின் நடுவில் நிற்காது. எங்கள் கம்ப்ரசர் கட்-ஆஃப் வரை போனதே இல்லை.

பிரஷர் சுவிட்சின் கான்டாக்ட் கருகினால் மோட்டாருக்கு வோல்டேஜ் குறைந்து இதே போன்ற கோளாறு வரலாம் என்பது உண்மைதான். ஆனால் மோட்டார் ஓடும்போது, ஒரே லைனில் சுவிட்சுக்கு உள்ளே வரும் முனைக்கும் வெளியே போகும் முனைக்கும் இடையே மீட்டர் வைத்தால், நல்ல கான்டாக்டில் ஏறக்குறைய பூஜ்யம்தான் காட்டும். அதை அவர் பார்க்கவே இல்லை.

பக்கத்து லேத் பட்டறையின் எலக்ட்ரீஷியன் கிளாம்ப் மீட்டரைப் போட்டார். பெயர்ப்பலகையில் 10 ஆம்பியர் என்றிருக்கும் மோட்டார், காலி டேங்க்கில் 8 ஆம்பியரும் 5 கிலோவில் 14 ஆம்பியரும் இழுத்தது. சப்ளை வோல்டேஜ் அப்போதும் 220க்குக் குறையவில்லை. நீளமான மெல்லிய ஒயரும் இதே தொல்லையைத் தரும் என்பதால் அது காரணமல்ல என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டார். பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, கெப்பாசிட்டரில் தங்கிய மின்னேற்றத்தை ஒரு பல்பு வழியாக இறக்கிவிட்டு, மோட்டார் ஓடும் நேரம் முழுக்க இணைப்பில் இருக்கும் ரன் கெப்பாசிட்டரை அளந்தார். 36 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்த அது 17தான் காட்டியது. அடிப்பக்கமும் லேசாக உப்பியிருந்தது. கிளம்பும்போது மட்டும் உதவும் ஸ்டார்ட் கெப்பாசிட்டர் நன்றாக இருந்ததால் மோட்டார் கிளம்பியது. ரன் கெப்பாசிட்டர் பலவீனமானதால் சுமை ஏற ஏற முறுக்குவிசை போதாமல் கரன்ட் கூடியது. ஸ்டார்ட் கெப்பாசிட்டரே போயிருந்தால் காலி டேங்க்கிலும் உறுமிக்கொண்டு நின்றிருக்கும்.

எஸ்.பி. சாலையில் 280 ரூபாய்க்கு அதே அளவுள்ள கெப்பாசிட்டர் கிடைத்தது. மாட்டியதும் 10 ஆம்பியரைத் தாண்டாமல் 8 கிலோ வரை ஏறி, கட்-ஆஃப் ஆகி, அன்லோடர் புஸ்ஸென்று காற்றை விட்டது.