பழைய 100 டாலர் நோட்டுக்கு ஏன் ரேட் குறைகிறது: ஒரு கப்பல்காரரின் அனுபவம்

கப்பலில் வேலை பார்ப்பவர்களுக்குச் சம்பளத்தில் பெரும்பகுதி வங்கிக்குப் போய்விடும். கைச்செலவுக்கு வேண்டியதை மட்டும் கேப்டனிடம் டாலராக வாங்கிக்கொள்வோம். அந்த ரொக்கத்தைத் துறைமுக ஏஜென்ட் கப்பலுக்குக் கொண்டுவருவார். எந்த ஊர் ஏஜென்ட், அவருக்கு நோட்டு எங்கிருந்து கிடைத்தது என்பதைப் பொறுத்து, மொடமொடவென்று புதுக்கட்டும் வரும், பல நாடு சுற்றி நைந்துபோனதும் வரும். பல வருடங்களாக இந்த நோட்டுகளைச் சென்னை, தூத்துக்குடி, கொழும்பு, சிங்கப்பூர், ஜகார்த்தா என்று மாற்றிப் பார்த்துவிட்டேன். எங்கே போனாலும் ஒன்று தெளிவு. பணம் மாற்றும் கடையின் போர்டில் எழுதியிருக்கும் ரேட், சுத்தமான, நீலப் பட்டை போட்ட 100 டாலர் நோட்டுக்கான ரேட். மற்றதெல்லாம் பேசித்தான் தீர்மானமாகும்.

கையில் வரும் 100 டாலர் நோட்டு மூன்று வகை. நடுவில் நீலப் பட்டையும் மைக்கூட்டுக்குள் மணியும் உள்ளது 2013 அக்டோபரில் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முந்தியது 1996-ல் வந்த 'பெரிய தலை', பிராங்க்ளின் படம் பெரிதாக இருக்கும். அதற்கும் முந்தியது 'சின்னத் தலை'. நோட்டில் அச்சிட்டிருக்கும் வருடத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது வடிவமைப்பின் வரிசை வருடம், அச்சடித்த நாள் அல்ல. 2006A என்றோ அதற்கு முந்தைய வருடமோ இருந்தால் பழையது, 2009 முதல் நீலப் பட்டை.

அமெரிக்க அரசு எந்த டாலர் நோட்டையும் செல்லாது என்று அறிவிக்கவில்லை. சின்னத் தலை நோட்டுக்கும் அங்கே முழு 100 டாலர் மதிப்பு உண்டு. இதைச் சொல்லித்தான் கவுண்டரில் பலர் சண்டை போடுகிறார்கள். சொல்வது உண்மைதான், ஆனால் கவுண்டர்காரருக்கு அது பதில் ஆகாது. இந்த நோட்டை அடுத்து யாரிடம் கொடுப்பது என்பதுதான் அவருடைய கவலை.

நல்ல நீல நோட்டை வாங்கினால், மாலைக்குள் வெளிநாடு போகும் இன்னொருவருக்கு விற்றுவிடலாம். அந்தப் பயணியிடம் பழைய நோட்டை நீட்டினால் வாங்கமாட்டார். போகிற ஊரில் தனக்கும் இதே பிரச்சினை வரும் என்று அவருக்குத் தெரியும். ஜகார்த்தாவில் மடிப்புக் கோட்டையே குறையாகச் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆக, பழைய நோட்டு பெட்டியிலேயே தங்கும். போதுமான அளவு சேர்ந்ததும், நோட்டுகளை மொத்தமாக வாங்கும் வங்கிக்கோ வெளிநாட்டு வியாபாரிக்கோ அனுப்ப வேண்டும். அங்கும் எல்லா நோட்டும் ஒன்றல்ல. அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் சிங்கப்பூர், ஹாங்காங் போன்ற ஊர்களில் சில பெரிய வங்கிகள் மூலம் டாலர் இருப்பு வைத்திருக்கிறது. அங்கே வந்து சேரும் நோட்டுகளைத் தரம் பிரித்து, நல்ல புது வடிவத்தை மறுபடி புழக்கத்துக்கு விடுவார்கள். பழைய வடிவமும் நைந்ததும் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போகும். பழைய நோட்டுக்குக் கடைசியில் இந்த ஒரே வழிதான். அந்தப் பயணத்துக்கான விமானச் சரக்குக் கட்டணம், காப்பீடு, எண்ணும் கூலி எல்லாவற்றையும் வழியில் இருக்கும் ஒவ்வொருவரும் நோட்டின் தலையில் வைப்பார்கள். அதைக் கடைசியில் சுமப்பது நோட்டை நீட்டும் நாம்தான்.

ஒரு கணக்குப் போட்டால் புரியும். இவை உதாரண எண்கள்தான். சந்தை விலை டாலருக்கு 84 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீல நோட்டைக் கவுண்டர் 83.30-க்கு வாங்கி 84.70-க்கு விற்கும். நோட்டுக்கு 140 ரூபாய் அன்றைக்கே கையில் நிற்கும். பெரிய தலை நோட்டை விற்க ஆளில்லை. மொத்த வியாபாரி 2 சதவீதம் கழித்து 82.32 தருகிறார் என்றால், அனுப்பும் செலவுக்கு 40 பைசா போக 81.92 மிஞ்சும். நோட்டு பெட்டியில் கிடக்கும் வாரங்களுக்கு வட்டி, அதற்குள் டாலர் இறங்கினால் வரும் நஷ்டம், தன் லாபம் எல்லாம் சேர்த்து 1.40 ஒதுக்கினால், அவர் நமக்குத் தருவது 80.52. நீல நோட்டுக்கு 8,330 கிடைத்த இடத்தில் இதற்கு 8,052. வித்தியாசம் 278 ரூபாய். மூன்று, மூன்றரை சதவீதம் வரை பிடித்தால் நான் கொடுத்துவிடுவேன். பத்து சதவீதம் கேட்பவர் நம் அவசரத்துக்கு விலை போடுகிறார். அங்கே நிற்காமல் அடுத்த கடைக்குப் போவது நல்லது.

கள்ள நோட்டுப் பயம் இதற்கு மேல். 'சூப்பர் டாலர்' என்ற மிக நேர்த்தியான போலி 1989-ல் மணிலாவில் முதலில் பிடிபட்டது. பிறகு பெரிய தலை நோட்டையும் அதே நேர்த்தியோடு அடித்தார்கள். இன்னொரு வித்தை, பழைய 5 டாலர் நோட்டை வெளுத்து அதன் மேல் 100 அச்சடிப்பது. காகிதம் அசல் என்பதால் விரலுக்குத் தெரியாது. வெளிச்சத்தில் பிடித்தால் நீர்க்குறியாக பிராங்க்ளினுக்குப் பதில் லிங்கன் முகம் தெரியும். புற ஊதா விளக்கில் 100-ன் பாதுகாப்பு இழை இளஞ்சிவப்பாக மின்ன வேண்டும், 5-ன் இழை நீலமாக மின்னும். போலி என்று பின்னால் தெரிந்தால் கவுண்டருக்கு முழுப் பணமும் போச்சு, யாரும் ஈடு தரமாட்டார்கள். நூறு நோட்டில் ஒன்று அப்படி மாட்டினாலே ஒரு சதவீதம் காலி. பழைய நோட்டின் கழிவில் இந்தப் பயத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

முத்திரை, பேனாக் கோடு, ஒட்டுப்போட்ட கிழிசல் என்பவை வேறு விஷயம். மேற்கு ஆசிய, ஆப்பிரிக்கத் துறைமுகங்களிலிருந்து வரும் நோட்டுகளில் சிறு முத்திரைகள் அடிக்கடி இருக்கும். தன் கை வழியாகப் போன நோட்டு என்று அடையாளம் வைக்க யாரோ ஒரு பணம் மாற்றுபவர் குத்தியது. அதில் மோசடி ஒன்றுமில்லை, ஆனால் மை பட்ட இடத்தை எந்திரம் சரியாகப் படிக்காமல் நோட்டைத் தள்ளிவிடும். டேப் இன்னும் மோசம். எண்ணும் எந்திரத்தில் சிக்கும் என்பது ஒன்று. வேறு வேறு நோட்டின் துண்டுகளைச் சேர்த்து ஒட்டியிருக்கலாம் என்ற சந்தேகம் இன்னொன்று. இடப்பக்கமும் வலப்பக்கமும் உள்ள வரிசை எண் ஒன்றுதானா என்று அவர்கள் முதலில் பார்ப்பது அதனால்தான். அமெரிக்காவில் நோட்டின் பாதிக்கு மேல் தெளிவாக இருந்தால் முழு மதிப்பும் தருவார்கள். அந்த விதி நம் ஊர்க் கவுண்டரைக் கட்டுப்படுத்தாது. மூலை போன நோட்டுக்குச் சிலர் பாதி விலை கேட்பார்கள், பலர் தொடவே மாட்டார்கள்.

இப்போது கேப்டன் பணம் எண்ணித் தரும்போதே அங்கேயே விரித்துப் பார்த்துவிடுகிறேன். பழையதோ குறையுள்ளதோ இருந்தால் அப்போதே மாற்றித் தரச் சொன்னால் பெரும்பாலும் தருவார். கேப்டனும் ஏஜென்டிடம் அதையே கேட்க வேண்டும். கையொப்பம் போட்டு அறைக்குப் போன பிறகு கேட்டால் சங்கடம்தான்.

கவுண்டரில் கட்டைக் கலந்து நீட்டுவதில்லை. ஒரு குறை நோட்டைக் காட்டி மொத்தக் கட்டுக்கும் ரேட்டை இறக்குவது பழக்கமான பேரம். முதலில் நல்ல நீல நோட்டுகளை மட்டும் கொடுத்து, ரூபாயை எண்ணி வாங்கிவிட்டு, அப்புறம் மீதியைத் தனியாக எடுத்து "இதுக்கு என்ன தருவீங்க அண்ணே?" என்று கேட்கிறேன். 1, 5, 10, 20 டாலர் நோட்டுகளுக்கும் ரேட் குறையும். எண்ணும் வேலையும் அனுப்பும் எடையும் கூடுதல், மதிப்பு குறைவு. அவற்றை மாற்றாமல் அடுத்த துறைமுகத்துச் சில்லறைச் செலவுக்கு வைத்துக்கொள்கிறேன்.

பெரிய தலை நோட்டு மிஞ்சினால், ஹூஸ்டன் போன்ற அமெரிக்கத் துறைமுகத்துக்குக் கப்பல் போகும்வரை தனி உறையில் மடிக்காமல் கிடக்கட்டும். அங்கே கடைகள் 100 டாலர் நோட்டு என்றாலே தயங்கலாம், வங்கியில் கணக்கு உள்ள உறவினர் கையில் கொடுத்தால் ஒரு சென்ட் குறையாமல் ஏறிவிடும். அந்தப் பக்கம் போக வாய்ப்பே இல்லாதவர்கள் மூன்று சதவீதம் விட்டுக்கொடுத்து இங்கேயே மாற்றிவிடலாம். வருடக்கணக்கில் வைத்திருந்தால் கழிவு கூடுமே தவிரக் குறையாது.