முரட்டுத் தாடி, உப்புத் தண்ணி: ரேசரா, மிஷினா?

திருப்பூரில் காலை எட்டரைக்கு வேலையில் நிற்க வேண்டிய ஆள் நான். முடியோ முரடு, காலையில் மழித்தால் சாயங்காலமே தாடை சொரசொரக்கும். பல வருஷம் கார்ட்ரிட்ஜ் ரேசர், அதற்கப்புறம் ஃபாயில் வகை ஷேவிங் மிஷின் என்று இரண்டையும் நன்றாக ஓட்டிப் பார்த்தாயிற்று. இந்த மாதிரித் தாடிக்கு எது சரி என்பதைக் கன்னம் சொல்லாது, கழுத்துதான் சொல்லும்.

கன்னத்தில் எதைப் போட்டாலும் வழவழப்பு வந்துவிடும். குரல்வளைக்குப் பக்கத்தில் முடி நிமிர்ந்து நிற்காமல் படுத்தே வளரும். அங்கே மூன்று, நான்கு பிளேடு உள்ள ரேசரை முடி படுத்திருக்கும் திசைக்கு எதிராக இழுத்தால், முதல் பிளேடு முடியை லேசாக வெளியே இழுக்கும், அடுத்தது அதைத் தோல் மட்டத்துக்கும் கீழே வெட்டிவிடும். திரும்ப வளரும் முடி வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே சுருண்டு குத்தும். அப்புறம் சிவப்புச் சிவப்பாகப் பொரி, சட்டைக் காலர் உரசினால் எரிச்சல். எங்கள் சலூன்காரர் கழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முடி காதுப் பக்கமா படுத்திருக்குதுங்ணா, எதுத்து இழுக்காதீங்."

மிஷினில் பிளேடுக்கும் தோலுக்கும் நடுவே ஃபாயில் தகடு இருப்பதால் அவ்வளவு ஆழமாக வெட்டாது. மழிப்பு ஒரு பிடி குறைவுதான், மதியமே விரலுக்குத் தட்டுப்படும். ஆனால் அந்தக் குறைவுதான் என் கழுத்தைக் காப்பாற்றியது. பொரி மெல்ல மெல்ல அடங்கிவிட்டது.

மிஷினை ஈரமில்லாத முகத்தில், குளிப்பதற்கு முன்பே போடுவேன். இடது கையால் கழுத்துத் தோலை இழுத்துப் பிடித்தால்தான் படுத்த முடி நிமிர்ந்து ஃபாயில் ஓட்டைக்குள் நுழையும். அதோடு, தினமும் மழிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விட்டுவிட்டுத் திங்கட்கிழமை வைத்தால் நீண்ட முடி ஓட்டையில் ஏறாது. ஒரே இடத்தில் நாலைந்து தடவை தேய்த்துத் தோல்தான் சிவக்கும். அன்றைக்கு மட்டும் குளித்து முடித்த கையோடு ஒற்றை பிளேடு ரேசர். முடி படுத்திருக்கும் திசையிலேயே, அழுத்தாமல்.

அதற்கும் போர் தண்ணி ஆகாது. நம்மூர் உப்புத் தண்ணியில் சோப்பு நுரை நிற்காமல் திப்பித் திப்பியாகப் போகும், பிளேடு வழுக்காது. ஒரு டம்ளர் ஆத்துத் தண்ணியோ கேன் தண்ணியோ எடுத்து பிரஷை நனைத்தால் அதே கிரீம் கெட்டியாக நுரைக்கும். மிஷினையும் போர் தண்ணியில் கழுவிக் காயவிட்டால் ஃபாயிலில் வெள்ளை பூத்துவிடும். நான் தட்டி, பிரஷால் துடைத்து, ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் விடுவதோடு சரி.

மிஷின் வாங்கும்போதே அந்த மாடலுக்கு ஃபாயிலும் கட்டரும் தனியாகக் கிடைக்கிறதா, என்ன விலை என்று கேட்டுவிடுங்கள். முரட்டு முடிக்கு அது சீக்கிரமே தேயும். வெட்டாமல் முடியைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தாலோ, தகடு வழக்கத்தைவிடச் சுட்டாலோ மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.