பி.ஒய் நம்பர் பைக் வாங்கிய கடலூர்க்காரனின் கணக்கு

2025 பிப்ரவரியில் புதுச்சேரியில் ஒரு பழைய பைக் வாங்கினேன். 150 சிசி, 2017 மாடல், PY-01 நம்பர். சொன்ன விலை 58,000. பேசி 54,000-க்கு முடித்தேன். நாலாயிரம் குறைத்துவிட்டேன் என்று அன்றைக்கு வீட்டில் பெருமையாகச் சொன்னது நினைவிருக்கிறது. அந்த வண்டி என் பெயருக்கு மாறி ஒழுங்காக ஓட ஆரம்பித்தபோது கையை விட்டுப் போயிருந்தது 83,900 ரூபாய். எங்கே ஏமாந்தேன் என்று இங்கே எழுதி வைக்கிறேன். கடலூரில் பாதிப் பேர் புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டிப் போய்த்தான் பழைய வண்டி பார்க்கிறோம், அதனால்.

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைக் கழுவித் துடைத்து விற்கிறார்கள் என்று எல்லோரும் பயமுறுத்தியதால் என் கவனம் முழுக்க அதில்தான். ஹெட்லைட்டுக்குள் சேற்றுக் கோடு இருக்கிறதா, வயர் சாக்கெட்டில் பச்சை பூத்திருக்கிறதா, ஆயில் பால் மாதிரி வெளுத்திருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தேன். எதுவும் இல்லை. வண்டி தண்ணீர் பார்க்காத வண்டி என்று தெரிந்ததுமே மனசு நிறைந்துவிட்டது. மற்றதெல்லாம் அந்த நிறைவிலேயே அடித்துக்கொண்டு போனது.

விற்றவர் அரியாங்குப்பம் பக்கம். நடுவில் ஒரு புரோக்கர். விலை ஏன் இவ்வளவு என்று கேட்டதற்கு விற்றவர் ஒரு பில்லை எடுத்து நீட்டினார். “போன மாசம்தாண்ணே இன்ஜின் வேலை பாத்தேன். பின்னாடி டயர் புதுசு. எல்லாம் சேத்து 13,000 செலவு. வண்டி விலை 45, செலவு 13, ஆக 58. நான் லாபமே வைக்கல.” கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. இந்தக் கூட்டலில்தான் முதல் கோளாறு.

சந்தையில் எட்டு வருஷ வண்டிக்கு ஒரு விலை ஓடுகிறது என்றால், அது புகை அடிக்காமல், ஆட்டம் இல்லாமல் ஓடுகிற வண்டிக்கான விலை. இன்ஜின் கெட்டுப் போய் அதைச் சரிசெய்தால் வண்டி அந்த விலைக்குத் தகுதியாகிறது, அவ்வளவுதான். விலைக்கு மேல் ஏறாது. செய்யாமல் விட்ட வேலை இருந்தால் விலை கண்டிப்பாக இறங்கும். புது டயர், புது பேட்டரி மாதிரி அடுத்த ஒன்றிரண்டு வருஷம் நம் பையிலிருந்து போகாமல் காப்பாற்றுகிற பொருளுக்கு மட்டும் பாதி விலை சேர்த்துக் கொடுக்கலாம். பில் எவ்வளவு கனமாக இருந்தாலும் இதுதான் கணக்கு. இதை எனக்குச் சொன்னவர் முதுநகரில் இருக்கும் என் மெக்கானிக். வாங்கின பிறகு சொன்னார். வாங்குவதற்கு முன் அவரைக் கூட்டிப் போயிருந்தால் ஒரு டீயும் பெட்ரோல் காசும்தான் செலவு.

அவர் வண்டியைப் பார்த்த விதத்தையும் சொல்ல வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தார். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆக்ஸிலரேட்டரைத் திருகி விட்டார். விட்ட நொடியில் சைலன்சரிலிருந்து நீலமாக ஒரு மூச்சு. “ஆயில் எரியுது தம்பி. பில்லுல போர் கிட்னு போட்டிருக்கு, ஆனா இங்க பாரு” என்று சிலிண்டர் பிளாக்கின் அடியில் இருந்த போல்ட்டுகளைக் காட்டினார். வருஷக் கணக்கான அழுக்கு கெட்டியாகப் படிந்து, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. போர் கிட் என்பது சிலிண்டரும் பிஸ்டனும், பிளாக்கைக் கழற்றாமல் அதை மாற்ற முடியாது. பார்க்க வந்த அன்றைக்கு இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்ததையும் அப்போதுதான் யோசித்தேன். விற்றவர் நான் வருவதற்கு முன்னாலேயே ஒரு ரவுண்டு ஓட்டி வைத்திருக்கிறார்.

அடுத்து, பின் ஸ்பிராக்கெட்டின் கடைசிப் பக்கத்தில் செயினை விரலால் பிடித்து வெளியே இழுத்தார். பல்லிலிருந்து விலகி, பாதிப் பல் வெளியே தெரிந்தது. நல்ல செயின் அப்படி எழும்பாது. பிறகு சென்டர் ஸ்டாண்டில் போட்டு, முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டில் பாரை மெதுவாகத் திருப்பச் சொன்னார். நேராக வரும் இடத்தில் ஒரு சின்ன பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்றது. ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்கான கோன் செட் போய்விட்டது. ஃபோர்க் ஆயில் சீலிலும் கசிவு. இன்ஜின் வேலை 8,200, கோன் செட்டும் சீலும் 1,650, செயின் ஸ்பிராக்கெட் 1,900. மொத்தம் 11,750.

சரி, இது கண்ணுக்குத் தெரிகிற செலவு. காகிதத்தில் இருந்ததுதான் இன்னும் மோசம்.

ஆர்.சி.யில் எச்.பி., அதாவது லோனுக்கான அடமானப் பதிவாக, ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இருந்தது. “லோன் முடிஞ்சு போச்சுண்ணே, எச்.பி. மட்டும் கேன்சல் பண்ணல, லெட்டர் வீட்டுல இருக்கு” என்றார். நானும் நம்பினேன். எச்.பி. கேன்சல் ஆக ஃபார்ம் 35-உம் கம்பெனியின் கடிதமும் வேண்டும். அது பதிவில் இருக்கும்வரை, கம்பெனி சம்மதிக்காமல் வேறு மாநிலத்துக்கு மாற்றத் தடையில்லை என்கிற என்.ஓ.சி. கிடைக்காது. கம்பெனியில் விசாரித்தால், கடைசி இரண்டு தவணை கட்டவே இல்லை. அபராத வட்டியோடு 4,600. சலானும் அதே கதைதான். “ஒண்ணும் இல்ல” என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் காட்டினார், தேதியை நான் பார்க்கவில்லை. பிறகு echallan.parivahan.gov.in தளத்தில் வண்டி எண்ணையும் சேஸிஸ் எண்ணின் கடைசி 5 இலக்கத்தையும் போட்டுப் பார்த்தால் மூன்று சலான். ஹெல்மெட் இல்லாமல் இரண்டு, மூன்று பேர் போனதற்கு ஒன்று, தலா 1,000. விற்றவருக்கு போன் போட்டேன். முதல் வாரம் “கட்டிடறேன்” என்றார், இரண்டாம் வாரத்திலிருந்து எடுக்கவே இல்லை. இரண்டையும் நானே கட்டினேன், 7,600. முழுப் பணத்தையும் முதல் நாளே கொடுத்துவிட்டால் அப்புறம் யார் போன் எடுப்பார்கள்?

பாக்கியைப் பற்றி வாங்குகிறவரும் விற்கிறவரும் குழப்பிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. பாக்கி என்பது வண்டியின் மதிப்போடு சம்பந்தப்பட்டதில்லை, விற்கிறவரின் கடன். விற்கிறவர் கட்டி, ரசீதைக் காட்டினால் விலையைக் குறைக்க வேண்டியதில்லை. வாங்குகிறவர் கட்டுவதென்றால் அந்தத் தொகை ரூபாய்க்கு ரூபாய் விலையிலிருந்து கழிய வேண்டும். விலை சொல்லும்போதே எது என்று சொல்லிவிட்டால் சண்டை வராது. எங்கள் பேச்சில் இந்தப் பேச்சே எழவில்லை.

மூன்றாவது, என் முட்டாள்தனம். பி.ஒய் வண்டியைக் கடலூரில் ஓட்டுகிறவர்கள் ஏராளம், அதனால் அப்படியே ஓட்டலாம் என்று இருந்தேன். வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதுப் பதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. தவிர, என் ஆதாரில் கடலூர் முகவரி இருக்கும்போது என் பெயருக்கு மாற்ற வேறு வழியும் இல்லை. புதுச்சேரி போக்குவரத்துத் துறையில் ஃபார்ம் 28 கொடுத்து என்.ஓ.சி., பிறகு கடலூர் ஆர்.டி.ஓ.வில் 29, 30 ஃபார்ம்களோடு பெயர் மாற்றம், TN-31 நம்பர், தமிழ்நாட்டு ஆயுட்கால வரி. புதுச்சேரியில் கட்டிய வரி இங்கே செல்லாது. வண்டியின் விலையும் வயதும் பார்த்துப் புதிதாகப் போடுவார்கள். எனக்கு வரி 5,400. இரண்டு ஊர் கட்டணமும் ஏஜென்ட் கூலியும் சேர்த்து 4,300. ஆக 9,700. இன்ஷூரன்ஸும் முடிந்திருந்தது, தேர்டு பார்ட்டி மட்டும் போட்டதில் 850.

இனி, உண்மையில் அந்த வண்டிக்கு எவ்வளவு கேட்டிருக்கலாம் என்று மெக்கானிக்கும் நானும் பில்லின் பின்பக்கத்தில் போட்ட கணக்கு. அதே வருஷம், அதே மாடல், காகிதம் சுத்தமாக உள்ள வண்டி இரண்டு ஊரிலும் 47,000 அளவுக்குக் கைமாறிக்கொண்டிருந்தது. விளம்பரத்தில் 52 என்று போட்டிருப்பார்கள், அது சொல்லும் விலை. முடியும் விலையைத்தான் எடுக்க வேண்டும். இன்ஜினுக்கும் கோன் செட்டுக்கும் சீலுக்கும் முழுத் தொகை கழிவு. செயினுக்குப் பாதி, 950. எட்டு வருஷ வண்டியில் புதுச் செயின் இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆக 10,800 கழிவு. டயர் 2,000, பாதி சேர்த்தால் 1,000. பாக்கியை விற்றவரே கட்டுவதானால், புதுச்சேரியிலேயே வாங்குகிற ஒருவருக்கு நியாய விலை 37,200.

எனக்கு அது விலை இல்லை. TN-31 வண்டி வாங்கியிருந்தாலும் பெயர் மாற்ற ஒரு 1,700 ஆகியிருக்கும். அதற்கு மேல் எல்லை தாண்டியதால் வந்த கூடுதல் 8,000. அதைக் கழித்தால் 29,200. பாக்கி 7,600 என் தலையில் விழுந்ததால் 21,600. ஒரே வண்டி, புதுச்சேரி வில்லியனூர்க்காரருக்கு ஒரு விலை, கடலூர்க்காரனுக்கு வேறு விலை. விற்றவர் அந்த 8,000-ஐ ஒத்துக்கொள்ள மாட்டார், உள்ளூர்லயே ஆள் இருக்கு என்பார். சொல்லட்டும், அப்போது அந்த வண்டி நமக்கான வண்டி இல்லை.

நான் கொடுத்தது 54,000. அதாவது 32,400 அதிகம். இப்போது யாராவது என்னைக் கூட்டிப் போனால், சேஸிஸ் நம்பரை வாங்கி சலான் பார்த்துவிட்டு, ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் கம்பெனிக்கே நேராகப் போகச் சொல்கிறேன். பெயர் மாறும்வரை ஐந்தாயிரமாவது நிறுத்தி வைக்கவும் சொல்கிறேன். புரோக்கர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

என்.ஓ.சி. கைக்கு வருவதற்குள் மூன்று மாதம் ஓடிவிட்டது. அதற்குள் ஒரு நாள் மஞ்சக்குப்பத்தில் ஹெல்மெட் போடாமல் போய் சிக்கினேன். சலான் பழைய ஓனர் போனுக்குப் போயிருக்கிறது. அத்தனை நாள் எடுக்காத அந்த நம்பரிலிருந்து எனக்கு அழைப்பு. “என்னண்ணே இப்படிப் பண்றீங்க, ஆயிரம் ரூபா வந்திருக்கு, கட்டிடுங்க” என்றார். கட்டினேன். அது என்னுடையதுதான். எச்.பி. லெட்டர் என்ன ஆச்சு என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.