மணிமாலையை ஒரு வருடம் பாவித்தால் தெரிய வருபவை: சைக்கிள் பீட்ஸும் 26–32 நாள் கணக்கும்

சைக்கிள் பீட்ஸ் என்பது மாதவிடாய் நாட்களை மணி மணியாக எண்ணி, கரு தங்கக்கூடிய நாட்களைக் காட்டும் மாலை. அதை முதல் மாதம் பாவிக்கிற எவருக்கும் அது இலகுவாகத்தான் தெரியும். காலையில் எழுந்து றப்பர் வளையத்தை ஒரு மணி தள்ளிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. நாலைந்து மாதம் போன பிறகுதான் உண்மையான கேள்வி வருகிறது: இந்த உடம்புக்கு இந்த முறை பொருந்துகிறதா? அதற்கு மாலை தானாகப் பதில் சொல்லாது. சுவரில் தொங்கும் கலண்டரில் குறித்த திகதிகள்தான் சொல்லும். வன்னியில் குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசும்போது ஊசி, மாத்திரை, லூப் என்றுதான் பேச்சு போகும். மருந்து எதுவும் வேண்டாம் என்று நினைக்கிற பெண்கள் இந்த மாலையைப் பற்றிக் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

மாலையில் மொத்தம் 32 மணிகள். சிவப்பு மணி ஒன்று, அது மாதவிடாய் தொடங்கும் முதல் நாள். அடுத்து 6 மண்ணிற மணிகள். பிறகு 12 வெள்ளை மணிகள், இவை இருட்டிலும் மங்கலாக ஒளிரும். கடைசியாக 13 மண்ணிற மணிகள், அவற்றில் ஒன்று மட்டும் கடும் மண்ணிறம். சிவப்புக்குப் பக்கத்தில் அம்புக்குறி போட்ட சிறிய உருளை இருக்கும். வளையம் அந்த அம்பு காட்டும் பக்கமாகவே போக வேண்டும். வெள்ளை மணிகள் 8ஆம் நாளிலிருந்து 19ஆம் நாள் வரை. அந்த 12 நாட்களும் கணவரோடு சேராமல் இருக்க வேண்டும், அல்லது ஒவ்வொரு முறையும் ஆணுறை பாவிக்க வேண்டும்.

முட்டை வெளிவந்தால் ஒரு நாள்தான் உயிரோடு இருக்கும். விந்தணு பெண்ணின் உடம்பில் 5 நாள் வரை இருக்கும். ஆகவே உண்மையில் கரு தங்கக்கூடியது ஏறத்தாழ 6 நாட்கள்தான். ஆனால் முட்டை எல்லா மாதமும் ஒரே நாளில் வருவதில்லை. அந்த முன்பின்னுக்கு இடம் விட்டுத்தான் 12 நாட்கள் வைத்திருக்கிறார்கள். இந்த இடைவெளி போதுமாக இருப்பது, மாதவிடாய்ச் சுற்று 26 நாளுக்குக் குறையாமலும் 32 நாளுக்குக் கூடாமலும் வருகிற பெண்களுக்கு மட்டுமே.

“எனக்கு ஒழுங்காகத்தான் வரும்” என்ற சொல்லை மட்டும் நம்பித் தொடங்கக்கூடாது. ஒரே திகதியில் வந்தால்தான் ஒழுங்கு என்று பலர் நினைக்கிறார்கள். சிலர் இரத்தம் நின்று தலை முழுகிய நாளிலிருந்து எண்ணுகிறார்கள். இரண்டுமே பிழை. இரத்தம் தொடங்கிய நாளிலிருந்து அடுத்த முறை தொடங்கும் நாளுக்கு முதல்நாள் வரை எண்ண வேண்டும். தலை முழுகிய நாளை முதல் நாளாக எடுத்தால் வளையம் 4, 5 நாள் பின்தங்கிவிடும். உண்மையான 8ஆம் நாளில் அது இன்னும் மண்ணிற மணியில்தான் நிற்கும். கரு தங்குவதற்கு இந்த ஒரு பிழையே போதும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு பெண்ணுக்கு மார்ச் 4, மார்ச் 31, ஏப்ரல் 28, மே 30 ஆகிய திகதிகளில் தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். திகதிகளைப் பார்த்தால் தாறுமாறாகத் தெரிகிறது, மார்ச்சில் இரண்டு தரம் வந்துவிட்டது என்று பயப்படவும் கூடும். எண்ணிப் பார்த்தால் 27, 28, 32 நாட்கள். மூன்றும் எல்லைக்குள், இவர் மாலையைப் பாவிக்கலாம். மே 30 அன்று வளையத்தைச் சிவப்பில் போடுகிறார், அன்றே கலண்டரிலும் வட்டமிடுகிறார். அவருக்கு வெள்ளை மணிகள் ஜூன் 6 தொடங்கி ஜூன் 17 வரை.

அடுத்த மாதவிடாய் ஜூன் 24 அன்று வந்துவிட்டது. அதாவது 25 நாள் சுற்று. கடும் மண்ணிற மணி இருப்பதே இதைக் காட்டத்தான். வளையம் அந்த மணிக்கு வந்து சேர வேண்டிய நாளுக்கு முன்பே இரத்தம் தொடங்கினால் சுற்று 26 நாளுக்குக் குறைவு. மீதி மணிகளைத் தாண்டி வளையத்தை நேரே சிவப்பில் போட்டு, கலண்டரில் அந்தத் திகதியருகே ஒரு குறி வைக்க வேண்டும். ஒரு தரம் இப்படி நடந்தால் முறையைக் கைவிடத் தேவையில்லை. ஆனால் அவருக்கு அடுத்தது ஜூலை 28 அன்றுதான் வருகிறது. 34 நாட்கள். கடைசி மணி முடிந்து இரண்டு நாள் வளையம் போக இடமில்லாமல் நின்றது. அவ்வளவு நீண்ட சுற்றில் முட்டை வெள்ளை மணிகள் முடிந்த பிறகும் வந்திருக்கலாம். 12 மாதத்துக்குள் இரண்டு தரம் எல்லை தாண்டினால் இந்த முறை அவருக்கு இனிப் பொருந்தாது. குடும்பநல உத்தியோகத்தரிடம் அந்தக் கலண்டரையே கொண்டுபோய்க் காட்டி வேறு முறை எடுக்க வேண்டும். கடைசி மணி முடிந்தும் வரவில்லையென்றால் கர்ப்பப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்.

பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு அவசரப்படக்கூடாது. தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் சுற்று நிலைகொள்ள நாளெடுக்கும். குறைந்தது மூன்று முழுச் சுற்று, அதாவது நாலு மாதவிடாய், வந்து அவை ஒழுங்கான பிறகே மாலை. டிப்போ ஊசி போட்டவர்கள் அடுத்த ஊசிக்குரிய திகதி கடக்கும்வரை காத்திருந்து, அதன்பின் வரும் மாதவிடாயில் சுற்று ஒழுங்காகிவிட்டதா என்று பார்த்துத் தொடங்க வேண்டும். அந்த ஊசிக்குப் பிறகு மாதக்கணக்கில் ஒழுங்கு திரும்பாமல் இருப்பது வழமை. அதுவரை ஆணுறை.

நெடுநாள் பாவனையில் வருகிற பிழைகள் சிறியவை. அறுவடைக் காலத்தில் விடியமுன் வயலுக்குப் போகிற பெண் ஒருநாள் வளையத்தை நகர்த்த மறந்துவிடுவார். அடுத்த நாள் சந்தேகம் வந்து இரண்டு தரம் நகர்த்துவார். பிள்ளைகள் எடுத்து விளையாடுவதும் உண்டு. அப்படி நடந்தால் ஊகிக்க வேண்டாம். கலண்டரில் வட்டமிட்ட நாளிலிருந்து இன்றுவரை, வட்டமிட்ட நாளையும் சேர்த்து, எண்ணி, சிவப்பை ஒன்றாக வைத்து அத்தனையாவது மணிக்கு வளையத்தைக் கொண்டுபோனால் போதும். கலண்டரில் குறிக்காதவருக்கு இந்த வழி இல்லை, அவர் அடுத்த மாதவிடாய் வரும்வரை ஆணுறையை நம்பத்தான் வேண்டும்.

இனிக் கணவர். தூர இடத்தில் வேலை செய்து மாதத்தில் நாலு நாள் வீட்டுக்கு வருகிறவர் என்றால், அந்த நாலு நாளும் வெள்ளை மணிகளில் விழலாம். ஆணுறைக்குச் சம்மதிக்காதவர், குடித்துவிட்டு வந்து வற்புறுத்துகிறவர் என்றால் மாலையைக் கொடுப்பதே பிழை. அந்தப் பெண்ணுக்குக் கணவரின் கையில் தங்கியிராத ஒரு முறை தேவை. பாலியல் தொற்றுகளையும் மாலை தடுக்காது.

ஒரு வருடம் சரியாகப் பாவித்தால் 100 பெண்களில் 5 பேர் அளவில் கர்ப்பமாவார்கள். சாதாரணமாக, பிழைகளோடு பாவித்தால் 12 பேர் அளவில். இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு வெள்ளை மணி நாளில் பாதுகாப்பில்லாமல் சேர்வதால் வருவது. அப்படி நடந்துவிட்டால் அவசரக் கருத்தடை மாத்திரையை 5 நாளுக்குள் எடுக்க வேண்டும், எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. அந்த மாத்திரை சுற்றின் நாட்களையே மாற்றிவிடும். ஆகவே அடுத்த மாதவிடாய் வந்து வளையத்தை மீண்டும் சிவப்பில் போடும்வரை, மண்ணிற மணியில் நின்றாலும் அதை நம்ப வேண்டாம்.