மதுரையில் வேலையா, ஓ.எம்.ஆரில் வேலையா? இரண்டாவது வேலையை வைத்துக் கணக்குப் போடுங்கள்

மேலூரிலோ உசிலம்பட்டியிலோ இருந்து பி.இ. முடித்த பிள்ளைக்கு மதுரை இலந்தைக்குளம் ஐ.டி. பார்க்கிலும், சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் உள்ள சோழிங்கநல்லூரிலும் ஒரே சம்பளத்தில் வேலை வருகிறது. கைக்கு 26,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் பி.ஜி. வாடகைக்கு 8,500, வெளிச் சாப்பாடு, பஸ், ஊருக்கு வந்துபோவது என்று 5,500 போனால் 12,000 மிஞ்சும். மதுரையில் வீட்டுக்கு 5,000, பெட்ரோலுக்கு 3,000 போக 18,000 நிற்கும். மாதம் 6,000 லாபம். இதோடு நிறுத்தினால் மதுரைதான் சரி.

இரண்டு வருஷம் கழித்துப் பாருங்கள். ஆண்டுக்கு 8 சதவீத உயர்வு கிடைத்தாலும் சம்பளம் 30,300தான். ஐ.டி.யில் பெரிய உயர்வு கம்பெனி மாறும்போதுதான் வரும். 30 சதவீதம் கூட்டி மாறினால் 39,400. முன்பு மிஞ்சிய 6,000 அதிலேயே அடிபட்டுவிடும். சென்னையில் அந்த மாற்றத்துக்கு அறையைக்கூடக் காலி செய்ய வேண்டாம். அடுத்த கம்பெனி அதே சாலையில் இருக்கும். மதுரையில் ஹெச்.சி.எல்., ஹனிவெல் போன்ற சில பெரிய பெயர்களைத் தாண்டினால் சிறிய கம்பெனிகள்தான். ஒரு குறிப்பிட்ட தொழில்நுட்பத்தில் தேர்ந்தவருக்கு உள்ளூரில் ஆள் எடுப்பவர்கள் ஓரிருவரே இருப்பார்கள். அவர் எளிதில் போகமாட்டார் என்பது நிர்வாகத்துக்கும் தெரியும்.

கம்பெனிகள் ஏன் இங்கே பரவவில்லை? வாடகை மலிவு அவர்களுக்குப் பெரிய விஷயமில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஆறு வாரத்தில் 40 பேர் கொண்ட டீம் கேட்கிறார். அனுபவசாலிகள் பழைய கம்பெனியை விட்டு வரவோ 60 அல்லது 90 நாள் நோட்டீஸ். ஏற்கெனவே நோட்டீஸில் இருப்பவர்களும், புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் காத்திருப்பவர்களும் நிறைந்த ஊரில்தான் அந்த டீமை நிரப்ப முடியும். 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூருக்கு வந்தது. 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. அன்று சேர ஆரம்பித்த ஆட்கள்தான் இன்றைய கம்பெனிகளை இழுக்கிறார்கள். கட்டடம் மட்டும் இதை மாற்றாது என்பதற்கு, கட்டியும் பல வருஷம் கம்பெனிகள் வராமல் கிடந்த வடபழஞ்சி எல்காட் வளாகமே சாட்சி. மாட்டுத்தாவணியில் வரும் டைடல் பார்க்கிலும் எத்தனை சதுர அடி என்பதைவிட, ஒரே வகை ஆளைத் தேடும் கம்பெனிகள் எத்தனை வருகின்றன என்பதே முக்கியம்.

பெங்களூரு, சொந்த மென்பொருள் தயாரிக்கும் கம்பெனிகளுக்கும் ஆராய்ச்சிப் பிரிவுகளுக்கும் போக விரும்புபவருக்கு. அட்வான்ஸும் வாடகையும் கூடுதல். வாடிக்கையாளருக்குச் செய்து தரும் சர்வீஸ் வேலைக்காக மட்டும் அங்கே போகத் தேவையில்லை.

மதுரையைத் தேர்ந்தெடுப்பவர் ஆஃபர் லெட்டரில் பணியிடம் பற்றிய வரியைத் தேடிப் படிக்க வேண்டும். ‘நிறுவனத்தின் எந்த அலுவலகத்துக்கும் மாற்றலாம்’ என்று இருந்தால் மதுரை என்பது உறுதியில்லை. பயிற்சி முடிந்ததும் புராஜெக்ட் இருக்கும் ஊருக்கு அனுப்புவார்கள். எந்த புராஜெக்ட், அதன் டீம் லீட் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார் என்று ஹெச்.ஆரிடம் கேளுங்கள். லீடும் பாதி டீமும் சென்னையில் என்றால், இரண்டாம் வருஷம் அங்கே போகும்படி சொல்ல வாய்ப்பு அதிகம்.